தங்கச்சியோட கவர் லெட்டரைப் பிரிச்சு மேஞ்ச கதை: மூணு வெர்ஷன், ரெண்டு ஹைலைட்டர்

பெரியம்மா பொண்ணு பி.காம் முடிச்சுட்டு கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு வருஷமா இருக்கா. ஏதாவது கம்பெனிக்குள்ள அக்கவுண்ட்ஸ்ல போயிடணும்னு 14 இடத்துக்கு மெயில் போட்டிருக்கா, ஒரு போன்கூட வரல. "ணா, நீங்க கம்பெனியிலதானே இருக்கீங்க, லெட்டரை ஒருதடவை பாத்துச் சொல்லுங்களேன்"னு அனுப்பிவிட்டா. நான் பர்ச்சேஸ் ஆளு, எச்ஆர் இல்ல. ஆனா எங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்காரங்களோட தினமும் பில்லுக்காக மல்லுக்கட்டுறவன்ங்கிறதால அங்க என்ன வேலை நடக்குதுன்னு தெரியும். போன வாரம்தான் ஒருவழியா இன்டர்வியூ கால் வந்துச்சு, அதான் என்னென்ன பண்ணோம், எங்க சொதப்பினோம்னு மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுக்கறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஜாப் போர்ட்டல்ல ஒரு பட்டனைத் தட்டி அப்ளை பண்றதுக்கு இதெல்லாம் பெருசா உதவாது, அங்க பல எடத்துல லெட்டரைத் திறக்கவே மாட்டாங்க. இது நேரா மெயில் ஐடி குடுத்து "ரெஸ்யூம், கவர் லெட்டர் அனுப்பவும்"னு போடுற லோக்கல் கம்பெனிகளுக்கு.

சோதனைக்கு எடுத்துக்கிட்டது ஒரு பம்ப் கம்பெனி விளம்பரம். போஸ்ட் பேரு அக்கவுண்ட்ஸ் பேயபிள் எக்ஸிக்யூட்டிவ், அதாவது கம்பெனி வெளிய குடுக்கவேண்டிய காசைப் பாத்துக்கறவங்க. ரெண்டுல இருந்து நாலு வருஷம் அனுபவம், பி.காம், வேலை விவரம் ஏழு வரி. பழைய 14 லெட்டர்ல இது இல்ல, புதுசா வந்தது, அதனால இதை வச்சே ஆரம்பிச்சோம்.

டூல்ஸ் எல்லாம் சாதாரணம்தான். லெட்டரும் விளம்பரமும் பிரிண்ட் எடுக்க பக்கத்துக்கு மூணு ரூபாய், மஞ்சள்ல ஒண்ணு பிங்க்ல ஒண்ணுன்னு ஹைலைட்டர் ரெண்டு சேர்த்து 60 ரூபாய், அப்புறம் என் பழைய உபுண்டு லேப்டாப். டைம்தான் பெரிய செலவு, அதைக் கடைசியில சொல்றேன்.

முதல் வேலையா தேஞ்சுபோன வார்த்தைகளைப் பிடிக்கலாம்னு நினைச்சேன். நம்ம ஊர் லெட்டர்ல ஒரு செட்டு உண்டு, எல்லாருக்கும் தெரியும், "எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்", "ஹார்ட் வொர்க்கிங்", "குவிக் லேர்னர்", "டீம் பிளேயர்", "டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி". காலேஜ்ல பிளேஸ்மெண்ட் செல்லுல குடுத்த ஒரே மாடலை பத்து பேட்ச் காப்பி அடிச்சு வந்திருக்கும்போல. கண்ணால பாத்தா பழகிப்போய் தாண்டிடுவோம்னு ஒரு பைல்ல வரிக்கு ஒண்ணா 12 வார்த்தை போட்டேன், கொஞ்சம் இப்படி:

```
esteemed
hard working
quick learner
team player
best of my ability
```

அப்புறம் லெட்டரை டெக்ஸ்டா சேவ் பண்ணி இதை ஓட்டினேன்.

```
grep -n -i -f phrases.txt letter.txt
```

லெட்டரோட எல்லா வரியும் வந்து கொட்டுச்சு. அப்பாடா இவ்ளோ மோசமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம்தான் பாத்தா phrases.txt கடைசியில ஒரு காலி வரி விட்டிருக்கேன், காலி வரின்னா எதோட வேணா மேட்ச் ஆகும். அதை எடுத்துட்டு ஓட்டினா நாலுதான் வந்துச்சு. ஆனா நான் கண்ணால பாத்ததே அதைவிட ஜாஸ்தி. அவ பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி அனுப்பியிருக்கா, அதுல "டீம்" ஒரு வரி முடிவுலயும் "பிளேயர்" அடுத்த வரி ஆரம்பத்துலயும் உடைஞ்சு கிடக்கு, இந்தக் கமாண்ட் வரி வரியாத்தான் தேடும். எல்லா வரியையும் ஒண்ணாச் சேர்த்துட்டு தேடினதும் ஒன்பது வந்துச்சு.

```
tr '\n' ' ' < letter.txt | grep -o -i -f phrases.txt
```

இதுக்கே முக்கா மணி நேரம் போச்சு. ஒரு பக்க லெட்டருக்கு இது தேவையே இல்ல, Ctrl+F போதும். எனக்கு ஆசை, அவ்ளோதான்.

ஒன்பதையும் வெட்டி எறிஞ்சுட்டுப் படிச்சுப் பாத்தோம். லெட்டர் கொஞ்சம் சின்னதாச்சு, ஆனா அதே வழவழப்பு அப்படியே இருக்கு. ஏன்னா தேஞ்ச வார்த்தை ஒண்ணுகூட இல்லாமலே ஒரு வாக்கியம் பொதுவா இருக்க முடியும். "கணக்குகளைத் துல்லியமாகவும் குறித்த நேரத்திலும் முடிப்பதில் கவனமாக இருப்பேன்"ங்கிற மாதிரி ஒரு வரி இருந்துச்சு, லிஸ்ட்ல இருக்கற எந்த வார்த்தையும் அதுல இல்ல, ஆனா அதை யார் வேணா எழுதலாமே.

அதனால லேப்டாப்பை மூடி வச்சுட்டு பிங்க் ஹைலைட்டரை எடுத்தோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ரெண்டே கேள்வி. கம்பெனி பேரை எடுத்துட்டு ஒரு ஸ்வீட் கடை பேரைப் போட்டா இந்த வாக்கியம் அப்படியே நிக்குமா? அவ பேரை எடுத்துட்டு பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரைப் போட்டா நிக்குமா? ரெண்டுக்கும் ஆமான்னா பிங்க். மொத்தம் 19 வாக்கியம், 13 பிங்க் ஆச்சு. பேப்பரே ரோஸ்மில்க் மாதிரி இருந்துச்சு. மிச்சம் நின்ன ஆறுல படிப்பு, இப்ப இருக்கற வேலை, நோட்டீஸ் பீரியட் தவிர உருப்படியா மூணுதான்: டேலி, கிளையண்டுக்கு டிடிஎஸ் ரிட்டர்ன் போடறது, பைனல் அக்கவுண்ட்ஸ்.

ரெண்டு கேள்வியும் சேர்ந்தே கேக்கணும்ங்கிறது முக்கியம். "நான் பி.காம்"ங்கிறது ஸ்வீட் கடைக்கும் பொருந்தும், அதுக்காக அது குப்பை ஆகிடாது, அது அவளைப் பத்தின உண்மை. நான் முதல்ல ஒரே கேள்வியை வச்சு அதையும் பிங்க் அடிச்சுட்டேன், அப்புறம் இன்னொரு பிரிண்ட் எடுக்கவேண்டியதாப் போச்சு.

இதுக்கு நடுவுல அவமானமான ரெண்டு விஷயம் மாட்டுச்சு. சப்ஜெக்ட் லைன்ல "அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்"னு இருக்கு, விளம்பரத்துல "பேயபிள்"னு தனியா இருக்கு. ரெண்டாவது பாராவுல போன தடவை அனுப்பின கம்பெனியோட பேரே அப்படியே கிடக்கு. அந்த 14ல எத்தனை லெட்டர் இப்படிப் போயிருக்கும்னு அவ சென்ட் பாக்ஸைத் திறந்து பாக்கவே மாட்டேன்னுட்டா.

அடுத்து விளம்பரத்தை எடுத்தோம். இங்கதான் நிஜமான ஓட்டை தெரிஞ்சுது. ஏழு வரியையும் ஒரு பேப்பர்ல இடது பக்கம் எழுதினேன், வலது பக்கம் லெட்டர்ல அதுக்கு ஈடா எந்த வாக்கியம் இருக்குன்னு. வெண்டார் பில் என்ட்ரி, த்ரீ வே மேட்சிங், மாசாமாசம் வெண்டார் ஸ்டேட்மெண்டோட கணக்கு ஒப்பிடறது, டிடிஎஸ் பிடிக்கறது, ஸ்டோர்ஸ் பர்ச்சேஸோட பேசி வித்தியாசம் தீர்க்கறது, டியூ டேட் பாத்து பேமெண்ட் ரெடி பண்றது (சின்ன சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள்ள குடுக்கணும்ங்கிற விதி இருக்கறதால இப்ப எல்லாரும் இதைக் கேக்கறாங்க), மாசக் கடைசியில பில் இன்னும் வராத செலவுக்கு ப்ரொவிஷன் போடறது. வலது பக்கம் ஆறு காலி. டிடிஎஸ் மட்டும் அரை டிக். அரைன்னா ஏன்னா இவ எழுதியிருக்கறது ரிட்டர்ன் தாக்கல் பண்றது, அவங்க கேக்கறது பில்லை என்ட்ரி போடும்போதே சரியான ரேட்ல பிடிக்கறது. ஒரே பேரு, ரெண்டு வேலை.

மறுபக்கம் லெட்டர்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் பத்தி மட்டும் நாலு வாக்கியம். விளம்பரத்துல ஜிஎஸ்டி தாக்கல்னு ஒரு எழுத்துகூட இல்ல. அந்தக் கம்பெனியில அதை வேற ஆள் பாப்பாங்க. படிக்கறவங்களுக்கு என்ன தோணும்? இந்தப் பொண்ணு டேக்ஸ் வேலைக்கு வந்திருக்கு, ரூம் மாறி வந்துடுச்சுன்னுதான். தேஞ்ச வார்த்தைங்க வெறும் போர்தான், இது நேரா ரிஜெக்ட்.

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன். காலியா இருக்கற ஆறு கட்டத்தையும் ரொப்பிடலாம்னு விளம்பரத்து வார்த்தையையே எடுத்து லெட்டர்ல போட்டேன். "வெண்டார் ரீகன்சிலியேஷன், த்ரீ வே மேட்சிங்ல நல்ல தேர்ச்சி உண்டு"ன்னு எழுதிக் குடுத்தது நான்தான். தங்கச்சி "ணா, இது நான் பண்ணதே இல்லையே"ன்னா, "போனா கத்துக்கலாம் விடு"ன்னு சொன்னேன். பம்ப் கம்பெனிக்கு இன்னும் பத்து நாள் டைம் இருந்துச்சு, அதனால முதல்ல அதே மாதிரி வேற மூணு கம்பெனிக்கு இந்த ரெண்டாவது வெர்ஷனை அனுப்பிப் பாத்தோம்.

நாலாவது நாளே ஒரு கம்பெனியில இருந்து போன். சந்தோஷத்துல பெரியம்மா எனக்கு பாயாசம் வச்சாங்க. போன்ல அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ரெண்டாவது கேள்வியே இதைத்தான் கேட்டிருக்காரு: "த்ரீ வே மேட்சிங் பண்ணியிருக்கீங்கன்னு போட்டிருக்கீங்களேம்மா, பிஓ நூறு பீஸ், பில்லு நூறு பீஸ், ஜிஆர்என்ல 95தான் இருக்கு, என்ன பண்ணுவீங்க?" பிஓங்கிறது கம்பெனி சப்ளையருக்குக் குடுக்கற பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என்ங்கிறது ஸ்டோர்ஸ்ல சரக்கு எண்ணி வாங்கினதுக்குப் போடற ரசீது. பிஓ, ஜிஆர்என், பில்லு மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுதான் த்ரீ வே மேட்சிங். 95க்குத்தான் காசு, மிச்சம் அஞ்சுக்கு சரக்கு வரணும் இல்லேன்னா சப்ளையர் கிரெடிட் நோட் தரணும், அதுவரைக்கும் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கணும். இவ "சார்... பில்லுல இருக்கறதைத்தான் என்ட்ரி போடுவோம்"னு சொல்லியிருக்கா. ரெண்டு நிமிஷத்துல கால் கட்.

பொருந்தலைங்கிறது ரெண்டு பக்கமும் நடக்கும்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு. முதல் வெர்ஷன் வேலைக்குப் பொருந்தல, ரெண்டாவது வெர்ஷன் ஆளுக்குப் பொருந்தல. ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா முதல்ல சும்மா பதில் வராம போச்சு, இதுல அவ அழுதுட்டா.

அடுத்த ஞாயித்துக்கிழமை லெட்டர், விளம்பரம் எதையும் எடுக்கல. காபியை வச்சுக்கிட்டு அவளைப் பேசவிட்டேன். "உன் அனுபவத்தைச் சொல்லு"ன்னு கேட்டா மறுபடி லெட்டர் பாஷையிலதான் பேசறா. அதனால "போன செவ்வாய்க்கிழமை காலையில பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் என்ன பண்ணே, உன் முன்னாடி என்ன பேப்பர் இருந்துச்சு"ன்னு கேட்டேன். அப்ப வந்துச்சு பாருங்க.

வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஃபவுண்டரி கிளையண்ட் எடத்துக்கே போய் உக்காருவாளாம். மாசம் ஏறக்குறைய 250 பர்ச்சேஸ் பில் டேலியில ஏத்தறது அவதான். ஏத்தின பில்லை, சப்ளையர்கள் தாக்கல் பண்ண பில்லெல்லாம் லிஸ்டா ஜிஎஸ்டி போர்ட்டல்ல வர்ற 2பி ஸ்டேட்மெண்டோட ஒப்பிட்டு, அதுல வராத பில்லுக்கு சப்ளையருக்குப் போன் போட்டுக் கேக்கறதும் அவதான், மாசாமாசம் பதினஞ்சு இருபது தேறுமாம். இதை அவ லெட்டர்ல "ஜிஎஸ்டி வேலை"ன்னு எழுதி வச்சிருக்கா. நான் பர்ச்சேஸ்ல இருந்து பாக்கறேன், இதுல பாதி வெண்டார் ரீகன்சிலியேஷன்தானே.

அப்புறம் போறபோக்குல ஒண்ணு சொன்னா. ஸ்கிராப் சப்ளையர் ஒருத்தர் பில்லுல 4,200 கிலோன்னு போட்டிருக்காரு, பில்லோட பின்பக்கம் பின் அடிச்சிருந்த வே பிரிட்ஜ் சீட்டுல 4,060 கிலோ. இவ கண்ணுல பட்டு முதலாளிகிட்ட காட்டியிருக்கா, 140 கிலோ, கிலோ 38 ரூபாய்ன்னு 5,320 ரூபாயும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும் கழிச்சு கிரெடிட் நோட் வாங்கியிருக்காங்க. அதுக்கப்புறம் எல்லா ஸ்கிராப் பில்லுக்கும் எடைச் சீட்டையும், வாட்ஸாப்ல பேசின ரேட்டையும் பாத்துட்டுத்தான் ஏத்துவாளாம்.

நான் காபியைக் கீழ வச்சுட்டேன். "ஏம்மா, அந்த மேனேஜர் கேட்டது இதேதானே? வாட்ஸாப் ரேட்டு பிஓ, எடைச் சீட்டு ஜிஆர்என், அப்புறம் பில்லு." "அது ஸ்கிராப் பில் செக் பண்றதுணா, அவரு ஏதோ த்ரீ வேன்னு கேட்டாரு"ங்கறா. வேலை தெரியும், அந்த வேலைக்குக் கம்பெனிக்காரங்க வச்சிருக்கற பேரு தெரியல. நானும் பேரை மட்டும் ஒட்டிவிட்டேனே தவிர அடியில என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல.

மூணாவது வெர்ஷனை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். 19 வாக்கியம் ஒன்பது ஆச்சு. விளம்பரத்துல எது மேல இருக்கோ அதுவே லெட்டர்லயும் மேல, ஏன்னா வழக்கமா தலையாய வேலையைத்தான் மேல போடுவாங்க. முதல் பாராவுல போஸ்ட் பேரு விளம்பரத்துல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம, உடனே ஃபவுண்டரி, மாசம் 250 பில். ரெண்டாவது பாரா முழுக்க ஸ்கிராப் பில் கதை மூணு வாக்கியத்துல, கிளையண்ட் பேரு இல்லாம, ஆடிட்டர் ஆபீஸ் வேலைங்கிறதால அதுல கவனமா இருந்தோம். சப்ளையர் பேரும் ரூபாய் கணக்கும்கூட வேண்டாம்னு எடுத்துட்டு எடை வித்தியாசத்தை மட்டும் வச்சோம். நாலு ஜிஎஸ்டி வாக்கியம் ஒண்ணாச்சு, அதுவும் சப்ளையரைத் துரத்திப் பில் வாங்கறதைப் பத்தி.

இல்லாததை என்ன பண்றதுங்கிறதுலதான் ரெண்டு பேருக்கும் சண்டை. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாத்தையும் ஒண்ணாப் பாக்கற ஈஆர்பி சாஃப்ட்வேர் அவ தொட்டதில்ல. நான் சொல்லவே வேண்டாம்னேன். அவ சொல்லிடலாம்னா. விளம்பரத்தை மறுபடி படிச்சா அது "இருந்தால் நல்லது"ங்கிற வரியில இருக்கு, "கட்டாயம்"ங்கிற வரியில இல்ல. கட்டாயம்னு இருந்தா அப்ளை பண்றதே யோசிக்கணும், இருந்தா நல்லதுன்னா ஒரு வாக்கியத்துல நேரா சொல்லலாம். "இதுவரை டேலியில் மட்டுமே வேலை பார்த்திருக்கிறேன், ஜிஆர்என் தனியாகப் போட்டதில்லை, ஸ்டோர்ஸ் இன்வர்டு ரிஜிஸ்டரோடு பில்லைச் சரிபார்த்திருக்கிறேன்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி. மாசக் கடைசி ப்ரொவிஷன் பத்தி அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, அதை லெட்டர்ல எடுக்கவே இல்ல. ஏழுல அஞ்சுக்கு ஈடு இருந்துச்சு, பேமெண்ட் ரெடி பண்றதும் ப்ரொவிஷனும் காலியாவே விட்டோம்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு புது டெஸ்ட், அந்த போன் காலுக்கு அப்புறம் வந்த புத்தி. லெட்டர்ல இருக்கற ஒவ்வொரு வாக்கியத்துலயும் நான் ரெண்டு கேள்வி கேப்பேன், பேப்பரைப் பாக்காம பதில் சொல்லணும், தடுமாறினா அந்த வாக்கியம் அவுட். டிடிஎஸ் வரியில "கான்ட்ராக்டர்கிட்ட பேன் இல்லேன்னா எவ்ளோ பிடிப்பே"ன்னேன், "20 பர்சண்ட்"னு பட்டுன்னு சொன்னா, வரி தங்குச்சு. "எக்செல்ல அட்வான்ஸ்டு"ன்னு ஒண்ணு இருந்துச்சு, "ஒரு ஷீட்ல இருந்து இன்னொரு ஷீட்ல இல்லாத பில் நம்பரை எப்படி எடுப்பே"ன்னேன், வீலுக்அப்னா, அது சரி, ஒரு ஷீட்ல நம்பர் எண்ணாவும் இன்னொண்ணுல டெக்ஸ்டாவும் இருந்தா மேட்ச் ஆகாதே அப்பன்னேன், முழிச்சா. "அட்வான்ஸ்டு" போய் "வீலுக்அப், பிவட் டேபிள்" வந்துச்சு.

எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் சீனியர் ஒருத்தர்கிட்ட டீ டைம்ல காட்டினேன். படிச்சு முடிக்க ஒரு நிமிஷம்தான் எடுத்துக்கிட்டாரு. எடைச் சீட்டு எடத்துல நிறுத்தி, "இந்தப் பொண்ணு பில்லோட பின்பக்கம் பாக்குது"ன்னாரு. அப்புறம் "சின்சியர்லி"க்கு மேல தப்பிச்சுக் கிடந்த ஒரு "எஸ்டீம்ட்"டைக் காட்டினாரு. மூணாவது வெர்ஷனை நான் கமாண்ட்ல ஓட்டவே இல்ல. சிரிப்புதான் வந்துச்சு.

கணக்குன்னு பாத்தா முதல் லெட்டரை இப்படிச் சரிபண்ண ரெண்டு ஞாயித்துக்கிழமை சேர்த்து அஞ்சு மணி நேரம் ஆச்சு, காசு 100 ரூபாய்க்குள்ள. இப்ப அடுத்த விளம்பரத்துக்கு மாத்த 40 நிமிஷம் ஆகுது, அதுலயும் பாதி நேரம் விளம்பர வரிகளை எழுதிப் பக்கத்துல கதையை வைக்கறதுக்குத்தான். அதனால முன்ன மாதிரி வாரத்துக்கு பத்து மெயில் தட்டிவிட முடியாது, ரெண்டு மூணுதான். பேப்பர்ல நாலு வரிக்காவது ஈடு இல்லேன்னா அந்த விளம்பரத்தை அவளே விட்டுடறா. மூணாவது வெர்ஷன் பம்ப் கம்பெனியையும் சேர்த்து அஞ்சு இடத்துக்குப் போச்சு, ரெண்டுல இருந்து கூப்பிட்டாங்க. அஞ்சுங்கிறது ரொம்பக் கம்மி, இதை வச்சு லெட்டராலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மாசக் கடைசி நெருக்கடியில ஆள் தேவைப்பட்டிருக்கலாம்.

அடுத்த தடவைன்னா வரிசையைத் தலைகீழாப் போடுவேன். முதல்ல அந்த செவ்வாய்க்கிழமைக் கேள்வி, அப்புறம் விளம்பரத்துப் பேப்பர், அதுக்கப்புறம்தான் பிங்க். தேஞ்ச வார்த்தை வேட்டையைக் கடைசியில அஞ்சு நிமிஷம் வச்சுக்குவேன், சொல்றதுக்கு விஷயம் இருந்தா அந்த வார்த்தைங்க பாதி தானாவே உதிர்ந்துடுது.

பம்ப் கம்பெனி இன்டர்வியூல அந்த எடைச் சீட்டைப் பத்தியே பத்து நிமிஷம் பேசினாங்களாம். ஆனா மேஜைல ரெஸ்யூமும் பக்கத்துலயே இருந்திருக்கு, அதுல முதல் வரி இன்னும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பைலிங்தான். "லெட்டர்ல ஒண்ணு இருக்கு, இதுல வேற ஒண்ணு இருக்கேம்மா, எது உங்க மெயின் வேலை"ன்னு கேட்டிருக்காங்க. அவ சமாளிச்சுட்டா. ரெண்டாவது ரவுண்டுக்கு வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்காங்க, அதுக்குள்ள ரெஸ்யூமை எடுத்து அதே பேப்பர்ல வச்சுப் பாக்கணும், பிங்க் ஹைலைட்டர்ல இன்னும் மை இருக்கு.